காலையில் லூசாகும் நட்டு

அந்த ஸ்லீவ் நான்கையும் கடைந்தது நான்தான். அதனால் இந்தக் கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நெல்லிக்குப்பத்தில் கடலூர் சாலையை ஒட்டி என் லேத் பட்டறை. கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் டிராக்டர் டிப்பருக்கு பின் கடைவது, பம்புசெட்டுக்கு புஷ் போடுவது என்று வேலை ஓடும். மற்ற மாதங்களில் கடலூர் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களின் ரிப்பேர் வேலைகள் வரும். அப்படி வந்தவர்தான் அந்த மெக்கானிக். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வேலை பார்த்த இடத்தில் இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் அடித்து, ஒரு பெரிய அவனுக்குள் தள்ளி 160 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். அந்த அவனுக்குள் சூடான காற்றைச் சுழற்ற ஒரு ஃபேன் உண்டு. அந்த ஃபேனின் முன்சட்டம் நான்கு நீள ஸ்டட்டில் நிற்கும். சட்டத்துக்கும் பின்சுவர்த் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி குறையாமல் இருக்க ஒவ்வொரு ஸ்டட்டையும் சுற்றி ஒரு குழாய்த் துண்டு. அதைத்தான் ஸ்லீவ் என்கிறோம்.

முதலில் இருந்த இரும்பு ஸ்லீவ்கள் துருவேறிப் பொரிந்து, அந்தத் துரு பெயின்ட் மேல் பறந்து ஒட்டியது. "பித்தளைல போட்டுக் குடு தம்பி, துருவே பிடிக்காது" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பித்தளை லேத்தில் வெண்ணெய் மாதிரி வரும். 250 மில்லிமீட்டர் நீளம், வெளியே 40, உள்ளே 18. இரண்டு முகத்தையும் நேராகச் சீவி, நான்கையும் ஒரே அளவாக்கி, துணியால் துடைத்துக் கொடுத்தேன். உள்ளே போகும் ஸ்டட் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் முழு மரை போட்ட 16 மில்லிமீட்டர் கம்பி. அதையும் 310 மில்லிமீட்டருக்கு நானே வெட்டிக் கொடுத்தேன்.

பத்து நாளில் அவர் திரும்ப வந்தார். நட்டு தினமும் காலையில் லூசாக இருக்கிறது என்றார். முதல் நாள் அவனை அணைக்கும்போது சரியாக இருக்கிறது. மறுநாள் பார்த்தால் ஸ்பேனர் சுலபமாகப் போகிறது. தினமும் டைட் செய்துவிட்டுத்தான் பர்னரைப் பற்றவைக்கிறார். நான் ஸ்பிரிங் வாஷர் போடச் சொன்னேன். போட்டார், பயனில்லை. டபுள் நட்டு போடச் சொன்னேன். அதற்கும் பயனில்லை. மூன்றாவது வாரம் ஒரு ஸ்டட் அறுந்தது. ஃபேன் உறையில் உரசி, இறக்கை ஒன்று வளைந்து, ஒரு நாள் வேலை நின்றது. யாருக்கும் அடிபடவில்லை என்பதுதான் நல்ல காலம்.

அறுந்த ஸ்டட்டையும் மற்ற மூன்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். "கம்பி மட்டம் தம்பி" என்றார். எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

அறுந்த முகத்தைப் பார்த்தேன். நட்டுக்குள் நுழையும் முதல் மரையில் அறுந்திருந்தது. முகத்தில் பாதிக்கு மேல் வழவழப்பாக, கடற்கரையில் அலை விட்டுப்போகும் கோடு மாதிரி வளைகோடுகள். மீதி சொரசொரப்பு. அந்த வழவழப்பு ஒரே இழுப்பில் அறுந்ததன் அடையாளம் அல்ல. லூசான ஸ்டட்டில் ஃபேனின் அதிர்வு மாறி மாறி வளைத்து, சிறு வெடிப்பாகத் தொடங்கி, நாள்கணக்கில் வளர்ந்து, கடைசியில் மிச்சம் தாங்காமல் போனதன் அடையாளம். ஆக, அறுத்தது அதிர்வு. ஆனால் அதிர்வு விளையாட இடம் கொடுத்தது லூசு. அந்த லூசு எங்கிருந்து வந்தது?

அறுபடாத மூன்றையும் வெர்னியரில் அளந்தேன். நான் 310க்கு வெட்டிக் கொடுத்த கம்பிகள் 312, 312.5 என்று காட்டின. மரை கேஜை வைத்துப் பார்த்தேன். ஸ்டட்டின் இரண்டு முனையிலும், நட்டுக்கு வெளியே இருந்த பகுதியில், 2 மில்லிமீட்டர் கேஜ் பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. நடுப்பகுதியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நாலைந்து பல் தாண்டியதும் ஒளி தெரிந்தது. ஸ்லீவுக்குள் இருந்த நீளம் மட்டும் இழுபட்டிருந்தது. நட்டு கழலவே இல்லை. கம்பிதான் நீண்டுபோயிருந்தது. ஸ்பிரிங் வாஷரும் டபுள் நட்டும் ஏன் உதவவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டும் நட்டு திரும்பாமல் தடுக்கப் போடுவது. இங்கே நட்டு திரும்பவில்லையே.

அந்த நிமிடத்தில் எனக்குச் சிதம்பரம் நினைவுக்கு வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, மெட்டீரியல் வலிமை வகுப்பில், செம்புக் குழாய்க்குள் எஃகு போல்ட் என்று ஒரு கணக்கு போடச் சொல்வார்கள். நட்டைக் கால் சுற்று திருப்பினால் போல்ட்டில் எவ்வளவு இழுவை, குழாயில் எவ்வளவு அமுக்கம். பிறகு மொத்தத்தையும் சூடாக்கினால் அது எவ்வளவு மாறும். திமோஷென்கோவின் புத்தகத்தில் உள்ள பழைய கணக்கு. அரைப் பக்கத்தில் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் பித்தளையில் கடைந்து கொடுத்திருக்கிறேன் என்று பதினைந்து வருடம் கழித்துத் தெரிந்தது.

கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். ஒரு மீட்டர் இரும்பை 100 டிகிரி சூடாக்கினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். அதே நீளப் பித்தளை 1.9 நீளும். இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். நம் ஸ்லீவ் கால் மீட்டர். காலை 30 டிகிரியிலிருந்து 160க்குப் போனால் 130 டிகிரி ஏற்றம். தனியாக விட்டால் பித்தளை 0.62 மில்லிமீட்டர் நீள வேண்டும், ஸ்டட் 0.39 நீள வேண்டும். வித்தியாசம் 0.23. தினத்தாளை மூன்று மடிப்பு மடித்தால் வரும் தடிமன்கூட இருக்காது.

ஆனால் இரண்டையும் தனியாக விடவில்லை. இரண்டு முனையிலும் நட்டு போட்டுப் பூட்டியிருக்கிறோம். ஸ்லீவ் நீளப் பார்க்கிறது, ஸ்டட் விடவில்லை. இருவரும் சமரசத்துக்கு வர வேண்டும். ஸ்லீவ் கொஞ்சம் அமுங்கும், ஸ்டட் கொஞ்சம் இழுபடும், 0.23 மில்லிமீட்டரை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். யார் விறைப்போ அவர் குறைவாக விட்டுக்கொடுப்பார். இங்கே ஸ்லீவின் கனம் அதிகம். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 1000 சதுர மில்லிமீட்டர், ஸ்டட்டுக்கு மரை போக 157தான். பித்தளை இரும்பில் பாதி விறைப்புதான் என்றாலும், இந்தப் பரப்பு வித்தியாசத்தால் ஸ்லீவ்தான் ஜெயிக்கிறது. முக்கால் பங்கு நீட்சியை ஸ்டட் ஏற்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டால் ஸ்டட்டில் சூட்டால் மட்டும் வரும் இழுவிசை 139 மெகாபாஸ்கல். எடையாகச் சொன்னால் இரண்டு டன்னுக்கு மேல். ஸ்லீவின் பரப்பு பெரிது என்பதால் அதில் 22 மெகாபாஸ்கல்தான். அதற்கு ஒன்றும் ஆகாது.

மெக்கானிக்குக்கு மெகாபாஸ்கல் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நட்டில் சொன்னேன். இந்த ஸ்டட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு 2 மில்லிமீட்டர் நகரும். 0.23 மில்லிமீட்டர் என்றால் 41 டிகிரி திருப்பம். நட்டின் ஒரு முகம் 60 டிகிரி. அதில் மூன்றில் இரண்டு. "அண்ணே, நீங்க காலையில டைட் பண்ணிட்டுப் போறீங்க. அவன் சூடானதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் உள்ள வந்து, அதே நட்ட இன்னொரு முக்கால் முகத்துக்குக் கொஞ்சம் கம்மியா திருப்பிட்டுப் போறான்" என்றேன். அவர் கையை நட்டு மாதிரி திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது புரிந்தது.

அவர் காலையில் எவ்வளவு திருப்புகிறார் என்று என் முன்னாலேயே செய்யச் சொன்னேன். கையால் நட்டை முட்டவைத்து, பிறகு ஸ்பேனரில் அரைக்கால் சுற்று, 45 டிகிரி. அதுவே ஸ்டட்டில் 152 மெகாபாஸ்கல் வைக்கிறது. மேலே சூடு 139 சேர்த்தால் 291. கடைக் கம்பியில் தர எண் குத்தவில்லை, சாதாரண 4.6 தரம் என்றே எடுத்துக்கொண்டேன். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறும் வலிமை 400. அதில் பத்தில் ஆறு, அதாவது 240, அதைத் தாண்டினால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. 291 எங்கே, 240 எங்கே. முதல் நாளே கம்பி நிரந்தரமாக நீண்டுவிட்டது. சூடு ஆறியதும் ஸ்லீவ் தன் நீளத்துக்குத் திரும்பியது, ஸ்டட் திரும்பவில்லை. அதுதான் காலை லூசு.

இங்கே ஒரு சங்கடம் வந்தது, அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. இந்தக் கணக்குப்படி ஆறியபின் ஸ்டட்டில் 101 மெகாபாஸ்கல் மிஞ்சியிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பிடிப்புதான் போயிருக்க வேண்டும். ஆனால் மெக்கானிக் சொன்னது அப்படியில்லை. நட்டு ஏறக்குறைய கையால் திரும்புகிற அளவு லூசு. மாலையில் அவன் ஆறும்போது ஒருநாள் ஸ்லீவைக் கையுறையோடு தொட்டுப் பார்த்தால் அது உருண்டது என்றும் சொன்னார். 101 மிச்சம் இருந்தால் அது நடக்காது. நான் எதையோ விட்டுவிட்டேன்.

எதை விட்டேன் என்பது எங்கள் தெருப் பெரியப்பா ஒருவரிடம் பேசும்போது தெரிந்தது. எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலை, பாரி ஆலை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருப்பது. இந்த ஊரில் மூன்று வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஓர் ஆலையில் ஃபிட்டராகவோ பாய்லர் அட்டெண்டராகவோ இருந்திருப்பார். பெரியப்பா அப்படி ஓய்வுபெற்ற ஃபிட்டர். கரும்புச்சாற்றைக் காய்ச்சும் பெரிய பாத்திரங்களின் அடியில் காலண்ட்ரியா என்று ஒரு பகுதி இருக்கும். நூற்றுக்கணக்கான ட்யூப்கள் இரண்டு தகடுகளுக்கு நடுவில் நிற்கும். அவர் காலத்தில் ட்யூப் பித்தளை, சுற்றியுள்ள ஷெல் இரும்பு. யோசித்துப் பார்த்தால் அதுவும் இதே கணக்குதான், உள்ளே வெளியே மட்டும் மாறியிருக்கிறது.

நான் என் கணக்கைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஸ்டீம் எவ்ளோ நேரத்துல தொறக்கறான்?"

"ஸ்டீம் இல்ல பெரியப்பா, பர்னர். சூடான காத்து."

"எதுவா இருந்தா என்னா. நாங்க காலண்ட்ரியாவுக்கு ஸ்டீம் விடறப்போ வால்வ ஒரே மூச்சா தொறக்க மாட்டோம். ட்யூப் முன்னாடி ஓடும், ஷெல் பின்னாடி வரும். அந்த நடுவுலதான் ஜாயிண்ட் ஒழுகும். ரெண்டும் ஒண்ணா சூடானப்புறம் ஒழுகாது."

என் கணக்கு அவனுக்குள் எல்லாம் 160 டிகிரியில் நிலைத்தபிறகு என்ன என்று சொல்கிறது. அந்த 160க்குப் போகும் வழியில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. ஸ்லீவ் நேராகச் சூடான காற்றில் நிற்கிறது. ஸ்டட் அதற்குள்ளே, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளியோடு, நிழலில் இருப்பதுபோல் இருக்கிறது. காற்றுக்கு வெப்பம் கடத்துவதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது. ஸ்லீவ் முன்னால் போகும், ஸ்டட் பின்னால் வரும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அங்கே போனேன். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஸ்லீவை அளந்தால் அடுப்பு எரிந்தும் 50 டிகிரி என்று காட்டியது. பளபளக்கும் பித்தளை தன் சூட்டை வெளியே குறைவாகத்தான் காட்டும். மீட்டர் அந்தப் பளபளப்பில் பிரதிபலிக்கும் மற்றதையும் சேர்த்துப் படித்துவிடும். அணைத்துவிட்டு, ஸ்லீவில் ஒரு ரூபாய் அளவுக்கு அடுப்புக் கறுப்புப் பெயின்ட் அடித்து அந்தப் பொட்டை மட்டும் அளந்தேன். ஸ்டட்டுக்கு வேறு வழி. ஒரு புது ஸ்டட்டின் முனையிலிருந்து நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, தெர்மோகப்பிள் கம்பியை நடுவரை செருகி, வெளியே இழுத்து மீட்டரில் மாட்டினேன். துளை போட்டால் ஸ்டட் மெலிந்துவிடும் என்பதால் அன்று ஒரு நாள் மட்டும்தான் அது அங்கே இருந்தது.

பர்னரை அவர்கள் முழுசாகத் திறந்துதான் பற்றவைப்பார்கள். சீக்கிரம் சூடானால் சீக்கிரம் முதல் ட்ரேயை ஏற்றலாம். இருபதாவது நிமிடத்தில் ஸ்லீவின் பொட்டு 140 காட்டியது. அதே நேரம் ஸ்டட் 90. ஐம்பது டிகிரி வித்தியாசம்.

அங்கேயே அட்டையில் கணக்குப் போட்டேன். பித்தளை 110 டிகிரி ஏறியிருக்கிறது, ஸ்டட் 60தான் ஏறியிருக்கிறது. கால் மீட்டருக்கு வித்தியாசம் 0.34 மில்லிமீட்டர். ஸ்டட்டில் சூட்டால் வரும் இழுவிசை 139 இல்லை, 208. முழுச் சூட்டை எட்டாத நிலையிலேயே, எட்டியபிறகு இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. காலைப் பிடிப்பு 152ஐச் சேர்த்தால் 360. கம்பி 240க்கு மேல் ஏற்காது, எனவே மிச்சத்தை நீண்டு கொடுத்துவிடும். கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் நிரந்தர நீட்சி, ஒரே காலையில். ஆறியபின் மிஞ்சும் பிடிப்பு 32 மெகாபாஸ்கல். மாலையில் ஆறும்போது இது தலைகீழ். ஸ்லீவ் சீக்கிரம் ஆறி, ஸ்டட் சூடாகவே இருந்து, அந்த 32உம் சற்று நேரம் இல்லாமல் போகும். அவர் விரலில் ஸ்லீவ் உருண்டது அந்த நேரம்தான். இப்போது எண்ணும் கையும் ஒத்துப்போயின.

ஒத்துப்போனதும் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு மனதைக் கஷ்டப்படுத்தியது அதுதான். முதல் நாள் நீண்டபின் யாரும் நட்டைத் தொடாமல் விட்டிருந்தால், இரண்டாம் நாள் 32உம் 208உம் சேர்ந்து சரியாக 240. கம்பி அதற்குமேல் நீளாது. தன் கணக்கை அது தானே நேர் செய்துகொள்ளும். காலைப் பிடிப்பு போதாது என்பது உண்மை. ஃபேன் அதிரும் சட்டத்துக்கு 32 எந்த மூலைக்கு. ஆனால் அவர் பொறுப்போடு, ஒரு நாள் விடாமல், காலையில் 152க்கு மறுபடி டைட் செய்தார். சூடு மறுபடி 0.2 இழுத்தது. மறுநாள் மறுபடி. பன்னிரண்டு பதின்மூன்று காலை போனால் 2.5 மில்லிமீட்டர். வெர்னியர் காட்டியது அதைத்தான். நல்ல மெக்கானிக் செய்ய வேண்டியதை அவர் செய்தார், அந்த ஸ்டட்டுக்கு அதுவே யமனானது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டதைச் செய்து கொடுத்தேன் என்பது உண்மைதான். ஆனால் பித்தளைக்கும் இரும்புக்கும் சூட்டில் ஒத்துவராது என்பதைச் சொல்லும் படிப்பு என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை.

மாற்றும்போது எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஸ்டட்டை இன்னும் நீளமாகப் போட்டால் இழுபடும் சிரமம் குறையுமே என்றார் ஒருவர். ஸ்லீவும் கூடவே நீண்டால் பயனில்லை. நீட்சியும் நீளத்தோடு வளரும், ஸ்டட்டின் இளக்கமும் நீளத்தோடு வளரும், இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். கால் மீட்டரோ ஒரு மீட்டரோ, அதே 139, அதே 208. ஸ்லீவின் கனத்தைக் கூட்டலாமா என்றார் இன்னொருவர். கூட்டினால் அது இன்னும் விறைத்து, ஸ்டட்டின் பங்கு கூடும். கெடுதல்தான்.

முதலாளி சொன்னது உருப்படியானது. 8.8 ஸ்டட் போட்டால் என்ன? அது 640 வரை நீளாது. 360 அதற்குப் பொருட்டே இல்லை. உண்மைதான், ஸ்டட் பிழைத்திருக்கும். ஆனால் 360 மெகாபாஸ்கல் என்றால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஐந்தே முக்கால் டன் இழுக்கும். முன்பு கம்பி நீண்டு கொடுத்து அந்த விசையை மட்டுப்படுத்தியது. நீளாத ஸ்டட் போட்டால் முழு விசையும் சட்டத்தின் வார்ப்பிரும்புக் காதுகளுக்குப் போகும். வார்ப்பிரும்பு நீளாது, வெடிக்கும். 8.8 வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

பித்தளையை எடுத்துவிடுவது என்று முடிவானது. இரும்புக் குழாய், இரும்பு ஸ்டட். இரண்டும் ஒரே மாதிரி நீளும். நிலைத்த சூட்டில் வித்தியாசம் பூஜ்யம். ஆனால் காலை இருபதாவது நிமிடம் அப்படியே இருக்கிறதே. ஒரே உலோகமானாலும் 50 டிகிரி வித்தியாசம் 0.15 மில்லிமீட்டர் தரும். இரும்பு ஸ்லீவ் பித்தளையைவிட இரட்டிப்பு விறைப்பு என்பதால் ஸ்டட்டில் அது 104 மெகாபாஸ்கல் ஆகிறது. பழைய இரும்பு ஸ்லீவிலும் இது இருந்திருக்கும். பிழைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அந்த 104ஐக் குறைக்க ஸ்டட்டுக்கும் ஸ்லீவுக்கும் ஒன்றாகச் சூடேற வேண்டும். ஸ்லீவின் உடலில், காற்று வரும் பக்கமும் போகும் பக்கமுமாக, 8 மில்லிமீட்டர் துளை வரிசையாகப் போட்டேன். காற்று துளை வழியாக உள்ளே போய் ஸ்டட்டைத் தொட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறும். அதோடு பர்னரை முதல் கால் மணி நேரம் பாதித் திறப்பில் வைக்கச் சொன்னேன். முதலாளிக்கு அந்தக் கால் மணி நேரம் கசந்தது. அறுந்த ஸ்டட்டால் போன ஒரு நாளைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். மறுபடி தெர்மோகப்பிள் ஸ்டட்டைப் போட்டு அளந்தேன். அதிகபட்ச வித்தியாசம் 20 டிகிரிக்கு வந்திருந்தது. இழுவிசையில் அது சுமார் 40 மெகாபாஸ்கல்.

டைட் செய்வதை 45 டிகிரியிலிருந்து 30க்குக் குறைத்தோம். முட்டவைத்தபின் அரை முகம், அவ்வளவுதான். இரும்பு ஸ்லீவில் அது 115 தருகிறது. சூட்டின் 40ஐச் சேர்த்தால் 155. சாதாரண 4.6 கம்பியே தாங்கும். இருந்தாலும் 8.8 ஸ்டட்தான் போட்டேன். எவனாவது ஒருநாள் பர்னரை முழுசாகத் திறப்பான் என்று எனக்குத் தெரியும். துருவுக்கு, சூடு தாங்கும் அலுமினியப் பெயின்ட் இரண்டு கோட்.

பித்தளையே வேண்டும் என்று யாருக்காவது கட்டாயம் இருந்தால் இரண்டு வழி உண்டு. ஸ்டட்டை 304 ஸ்டெயின்லெஸ்ஸில் போடலாம். அது மீட்டருக்கு 100 டிகிரிக்கு 1.7 நீளும், பித்தளைக்குக் கிட்ட வரும். ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் மரையும் உலர்ந்த நிலையில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்து, கழற்ற வராமல் போகும். அதற்கான கிரீஸ் பூசாமல் ஏற்றக் கூடாது. இல்லாவிட்டால் நட்டுக்கு அடியில் கிண்ண வடிவ வாஷர்களை எதிரெதிராக அடுக்கலாம். வழக்கமான ஸ்பிரிங் வாஷர் இதற்கு ஆகாது. டைட் ஆனதும் அது தட்டையாகி வெறும் வாஷராகிவிடும். கிண்ண வாஷர் அடுக்கு அந்த 0.34 மில்லிமீட்டரைத் தானே வாங்கிக்கொண்டு, ஸ்டட்டுக்குக் கொஞ்சமே விடும். ஸ்லீவ் அலுமினியம் என்றால் மட்டும் என்னிடம் வராதீர்கள் என்பேன். அது மீட்டருக்கு 2.3 நீளும், பித்தளை கொடுத்த தொல்லை அதன் முன்னால் ஒன்றுமில்லை.

பட்டறை நடத்துகிறவர்களுக்கும் மெயின்டெனன்ஸில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. சூடாகி ஆறும் ஒரு இடத்தில் நட்டு காலையில் லூசாக இருந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நட்டிலும் அடியில் உள்ள தகட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். மறுநாள் கோடு விலகியிருந்தால் நட்டு கழல்கிறது. டபுள் நட்டு, லாக்கிங் எல்லாம் யோசிக்கலாம். கோடு விலகாமலே லூசாக இருந்தால் கம்பி நீள்கிறது, அல்லது அடியில் ஏதோ அமுங்குகிறது. அப்போது டைட் செய்யாதீர்கள். கழற்றி அளந்து பாருங்கள்.

அந்த அவனில் நான்கு நட்டிலும் நானே கோடு போட்டேன். போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். நான்கு கோடும் நேராகவே இருந்தன. ஸ்டட்டை அளந்தேன்: 310.